டிக்கெட் ரத்து: அட்டவணைப்படி எனக்கு எவ்வளவு வர வேண்டும்?

கேள்வி: மதுரையிலிருந்து சென்னைக்கு வெள்ளிக்கிழமை இரவு 11 மணி ஆம்னி பஸ்ஸில் இரண்டு ஸ்லீப்பர் போட்டிருந்தேன். மொத்தம் 2,350 ரூபாய் கட்டினேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் வியாழன் இரவு 8.10-க்கு ஆப்பில் ரத்து செய்துவிட்டேன். ஏறும் நேரத்துக்கு இன்னும் 27 மணி நேரம் இருந்தது. அட்டவணையில் 24 முதல் 48 மணி நேரம் வரை 25 சதவீதம் பிடிப்பு என்று இருக்கிறது. அப்படியானால் 1,762 ரூபாய் 50 காசு வர வேண்டும். ஆனால் 1,060 தான் வரும் என்று காட்டுகிறது. என்னை ஏமாற்றுகிறார்களா? அட்டவணையின் ஸ்கிரீன்ஷாட்டையும் டிக்கெட்டையும் அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள். – வாசகி, மதுரை

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டையும் பார்த்தேன். ஏமாற்றவில்லை, 1,060 சரியான தொகைதான். டிக்கெட் புக்கிங் தொழிலில் இருக்கும் எனக்கு இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் உங்கள் கணக்கும் தவறான கணக்கு இல்லை. அட்டவணையின் எண்களைச் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 24 மணி, 48 மணி என்பதை எந்த நேரத்திலிருந்து எண்ணுவது, 25 சதவீதம் என்றால் எந்தத் தொகையில் என்ற இரண்டு இடங்களில்தான் வித்தியாசம் வந்திருக்கிறது. நீங்கள் எதிர்பார்த்ததற்கும் ஆப் காட்டியதற்கும் உள்ள 702 ரூபாய் 50 காசு வித்தியாசத்தில் பெரும்பகுதி முதல் காரணத்தால் போனது, அதனால் அதையே முதலில் பார்ப்போம்.

உங்கள் ஸ்கிரீன்ஷாட்டின் கடைசி வரிக்குக் கீழே, சாம்பல் நிறத்தில், பாதி வெட்டுப்பட்டு ஒரு வாக்கியம் தெரிகிறது. Cancellation charges are calculated based on service start date + time என்று தொடங்குகிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு தேதியும் 18:30 என்ற நேரமும் இருக்கின்றன. அட்டவணை முழுவதும் அந்த ஒரு வரியை வைத்துத்தான் நிற்கிறது. சர்வீஸ் தொடங்கும் நேரம் என்று அது சொல்வது, நீங்கள் மாட்டுத்தாவணியில் ஏறும் நேரத்தை அல்ல. அந்த பஸ் தன் முதல் நிறுத்தத்திலிருந்து கிளம்பும் நேரத்தை.

உங்கள் பஸ் மதுரை பஸ் இல்லை. நாகர்கோவிலில் மாலை 6.30-க்குப் புறப்பட்டு, திருநெல்வேலி, கோவில்பட்டி, விருதுநகர் வழியாக மதுரைக்கு 11 மணிக்கு வருகிறது. சுமார் 240 கிலோமீட்டர், நடுவில் ஆள் ஏற்றும் இடங்கள் வேறு. நான்கரை மணி நேரம் ஆவது இயல்புதான். ஆனால் மதுரை–சென்னை என்று தேடுகிறவருக்கு ஆப் மதுரையின் ஏறுமிடங்களை மட்டும்தான் காட்டும். மேலே பெரிய எழுத்தில் 11:00 PM என்று இருக்கும். பஸ் எங்கே கிளம்பியது என்பது அந்தப் பக்கத்தில் எங்கும் கண்ணில் படாது. அதனால்தான் உங்களைப் போல எண்ணுகிறவர்கள் இவ்வளவு பேர்.

நீங்கள் ரத்து செய்தது வியாழன் இரவு 8.10. மறுநாள் 11 மணி வரை எண்ணினால் 26 மணி 50 நிமிடம். 25 சதவீத வரிசைக்குள் வசதியாக உட்கார்கிறது. மறுநாள் மாலை 6.30 வரை எண்ணினால் 22 மணி 20 நிமிடம்தான். அது 12 முதல் 24 மணி நேர வரிசை, பிடிப்பு 50 சதவீதம். ஆப் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

மணிக்கணக்கில் கொடுத்திருக்கும் அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தால் யாருக்கும் குழம்பும். எங்கள் கவுண்டரில் யாராவது ரத்து பற்றிக் கேட்டால் முதலில் அதைக் கடிகார நேரமாக மாற்றித் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவோம். பஸ் கிளம்பும் நேரத்தை எழுதிக்கொண்டு அதிலிருந்து பின்னோக்கி வர வேண்டும், அவ்வளவுதான். உங்கள் டிக்கெட்டுக்கு அது இப்படி வரும்:

புதன் மாலை 6.30 வரை: 10 சதவீதம் பிடிப்பு
புதன் மாலை 6.30 முதல் வியாழன் மாலை 6.30 வரை: 25 சதவீதம்
வியாழன் மாலை 6.30 முதல் வெள்ளி காலை 6.30 வரை: 50 சதவீதம்
வெள்ளி காலை 6.30-க்குப் பிறகு: 100 சதவீதம்

இப்படி எழுதிப் பார்த்தால், 25 சதவீத எல்லையை நீங்கள் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் தவறவிட்டிருக்கிறீர்கள் என்பது தெரியும். இன்னொன்றும் தெரியும். வெள்ளி காலை 9 மணிக்கு ரத்து செய்திருந்தால், ஏறுவதற்கு இன்னும் 14 மணி நேரம் இருக்கிறதே, பாதிப் பணமாவது வரும் என்று நினைத்திருப்பீர்கள். பஸ் கிளம்ப ஒன்பதரை மணி நேரம்தான் இருந்திருக்கும். பயணக் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வந்திருக்காது. மாலை 6.30 தாண்டிவிட்டால் ஆப்பில் ரத்து செய்யும் வழியே மூடிவிடும், நீங்கள் மதுரையில் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும்.

இதில் நியாயம் இருக்கிறதா என்று கேட்டால், பஸ் நடத்துகிறவர்கள் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. ஒரு பஸ்ஸுக்கு ஒரு சார்ட்தான். நாகர்கோவிலில் கிளம்பும்போது எந்த சீட் எங்கே நிரம்பும் என்று அதில் முடிவாகியிருக்க வேண்டும். ஏறுமிடம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நேரம் எண்ணினால், விருதுநகரில் ஏறுகிறவருக்கு ஒரு கணக்கு, மதுரையில் ஏறுகிறவருக்கு ஒரு கணக்கு என்று போகும். ஆனால் இந்த விதியைச் சாம்பல் நிறச் சின்ன எழுத்தில் அட்டவணைக்கு அடியில் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. பக்கத்தின் தலையில் இருக்க வேண்டிய வரி அது.

எல்லா நிறுவனமும் இப்படித்தான் எண்ணுகிறது என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏறும் இடத்தின் நேரத்தையே அடிப்படையாக எடுக்கும் அட்டவணைகளும் உண்டு. மணிக்கணக்குக்குப் பதிலாக இந்தத் தேதி இந்த நேரம் வரை இவ்வளவு என்று நேரடியாகவே எழுதிவிடுகிறவையும் உண்டு. அது இருப்பதிலேயே நல்லது, எண்ண வேண்டிய வேலையே இல்லை. உங்களுடையதைப் போல மணிக்கணக்கு மட்டும் இருந்து, அடியில் இருக்கும் வரியும் கிடைக்கவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. பஸ்ஸின் பெயரிலோ வழித்தட விவரத்திலோ எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பார்த்து, அந்த ஊரிலிருந்து சென்னைக்கு அதே தேதியில் அதே நிறுவனத்தின் பஸ்ஸைத் தேடுங்கள். அங்கே காட்டும் முதல் ஏறுமிடத்தின் நேரம்தான் சர்வீஸ் தொடங்கும் நேரம். சென்னையிலிருந்து தெற்கே கிளம்புகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, முதல் நிறுத்தத்துக்கும் அவர்கள் ஏறும் இடத்துக்கும் பெரும்பாலும் ஒரு மணி, ஒன்றரை மணி வித்தியாசம்தான். நடுவழியில் ஏறும் மதுரை, திருச்சிக்காரர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்வது.

சரி, இப்போது தொகைக்கு வருவோம். வரிசை 50 சதவீதம் என்று ஒப்புக்கொண்டாலும் 2,350-இல் பாதி 1,175 வர வேண்டுமே, 1,060 எப்படி வந்தது என்று அடுத்துக் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

உங்கள் பில்லில் நான்கு வரிகள் இருக்கின்றன. இரண்டு சீட்டுக்குப் பயணக் கட்டணம் தலா 1,200 வீதம் 2,400. அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி 120. கூப்பன் தள்ளுபடி 200. பயணக் காப்பீடு 30. ஆக, 2,400-உம் 120-உம் 30-உம் சேர்த்து 2,550, அதில் 200 கழித்து 2,350. நீங்கள் கட்டியது இது. ஆனால் அட்டவணையின் சதவீதம் இந்த 2,350-க்கு அல்ல. சீட் கட்டணமான 2,400-க்கு. உங்கள் ஸ்கிரீன்ஷாட்டிலேயே 50 சதவீதத்துக்கு எதிரே ₹600 என்று இருக்கிறது, கவனித்தீர்களா? அது ஒரு சீட்டுக்கான பிடிப்பு. 1,200-இல் பாதி 600. இரண்டு சீட்டுக்கு 1,200.

அடுத்தது ஜிஎஸ்டி. இதில்தான் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். வரி முழுவதும் போய்விடும் என்பார் ஒருவர், முழுவதும் வரும் என்பார் இன்னொருவர். ரத்துக் கட்டணம் என்று பிடித்துக்கொள்ளும் தொகைக்கும் அந்தப் பயணத்துக்கு உள்ள அதே விகிதத்தில் வரி உண்டு என்று நிதி அமைச்சகம் 2022 ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கையில் தெளிவாக்கியது. அந்தக் கணக்குப்படி பிடித்துக்கொண்ட 1,200-க்கு 5 சதவீதம், அதாவது 60 ரூபாய், வரியாக நிற்கும். மீதி 60 உங்களுக்குத் திரும்ப வேண்டும். உங்களுக்குக் காட்டிய தொகையில் அந்த 60 வந்திருக்கிறது. ஒருவேளை 1,060-க்குப் பதிலாக 1,000 என்று காட்டியிருந்தால், வரி முழுவதையும் வைத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். அப்போது அந்த 60-ஐக் கேட்டு எழுதச் சொல்லியிருப்பேன்.

கூப்பன் விஷயம் பலருக்குக் கசக்கும். 200 ரூபாய் தள்ளுபடி என்பது நீங்கள் கட்டாத பணம், அதனால் திரும்பி வராது. அது புரிகிறது. ஆனால் பிடிப்பைத் தள்ளுபடிக்கு முந்தைய கட்டணத்தில் கணக்கிடுவதால், நீங்கள் கட்டாத அந்த 200-க்கும் சேர்த்துப் பாதியை இழக்கிறீர்கள். காப்பீட்டுத் தொகை 30-க்கு எதிரே திரும்பப் பெற முடியாது என்று உங்கள் பில்லிலேயே எழுதியிருக்கிறது, அது முழுவதும் போனது. எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால்:

```
கட்டிய தொகை               2,350
பிடிப்பு (2,400 x 50%)    -1,200
அதற்கான வரி (1,200 x 5%)     -60
காப்பீடு                     -30
திரும்ப வருவது             1,060
```

பாதி என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடிய 1,175-க்கும் இதற்கும் உள்ள 115 ரூபாயில், கூப்பனால் போனது 100, காப்பீட்டால் போனது 15. வரியால் தனியாக நஷ்டம் எதுவும் இல்லை, அது பாதிக்குப் பாதியாகவே பிரிந்துவிட்டது.

வியாழன் மாலை 6.30-க்கு முன்பே ரத்து செய்திருந்தால் என்ன வந்திருக்கும் என்றும் போட்டுப் பார்த்தேன். பிடிப்பு 600, வரி 30, காப்பீடு 30. ஆக 660 போக 1,690 வந்திருக்கும். நீங்கள் எதிர்பார்த்த 1,762.50 அப்போதும் வந்திருக்காது. ஆக, உங்களுக்கும் ஆப்புக்கும் உள்ள 702.50 வித்தியாசத்தில் 630 ரூபாய் நேரத்தால் வந்தது, மீதி 72.50 எந்தத் தொகையில் சதவீதம் என்பதால் வந்தது.

ரத்து செய்த நேரம் எது என்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. உங்களுக்கு இந்த முறை அது பொருட்டில்லை, ஆனால் எல்லையை ஒட்டி ரத்து செய்கிறவர்களுக்குப் பொருட்டு. ஆப்பைத் திறந்த நேரம் கணக்கில் வராது. சீட்டுகளைத் தேர்ந்தெடுத்து, காரணம் கேட்கும் பக்கத்தைத் தாண்டி, கடைசியாக உறுதி செய்து, அது அவர்கள் சர்வரில் பதிவாகும் நேரம்தான் கணக்கு. 6.25-க்குத் தொடங்கி, நெட் சுற்றிச் சுற்றி 6.32-க்கு உறுதியானால் 50 சதவீதம்தான். ரத்து உறுதியானதும் வரும் எஸ்எம்எஸ் அல்லது மெயிலில் இருக்கும் நேரமே ஆதாரம். கடைசி உறுதிக்கு முந்தைய பக்கத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்ற தொகை காட்டப்படும். ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டிய பக்கம் உண்மையில் அதுதான். அட்டவணையை எடுப்பதைவிட அது பலம், ஏனென்றால் அதில் தொகை ரூபாயிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் 1,690 என்று காட்டிவிட்டு, உறுதி செய்தபின் 1,060 கொடுத்தால் அது கண்டிப்பாகச் சண்டை போட வேண்டிய விஷயம்.

அட்டவணையையும் எடுப்பதானால் டிக்கெட் போடும் அன்றே எடுங்கள், அடியில் உள்ள சின்ன எழுத்துகள் முழுவதும் தெரியும்படி. சில ஆப்கள் காலம் கடந்த வரிசைகளை மறைத்துவிட்டு, இப்போது பொருந்துவதையும் இனி வரப்போவதையும் மட்டும் காட்டும். ரத்து செய்யும் நேரத்தில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்து முன்பு என்ன இருந்தது என்று நிரூபிக்க முடியாது.

இன்னொரு வகைக் குழப்பமும் கவுண்டருக்கு அடிக்கடி வரும். சில அட்டவணைகளில் எழுதியிருப்பது பிடிப்பு அல்ல, திரும்பத் தரும் தொகை. 25 சதவீதம் என்று பார்த்து முக்கால்வாசிப் பணம் வரும் என்று நினைத்தால், கால்வாசிதான் வரும். தலைப்பு வெட்டுப்பட்ட ஸ்கிரீன்ஷாட்டிலும் இதைக் கண்டுபிடித்துவிடலாம். பயண நேரம் நெருங்க நெருங்க எண் ஏறினால் அது பிடிப்பு, இறங்கினால் அது திரும்பத் தருவது. உங்களுடையதில் 10, 25, 50, 100 என்று ஏறுகிறது, சந்தேகமே இல்லை. அப்புறம், நள்ளிரவுக்குப் பிறகு ஏறுகிறவர்கள் தேதியைப் பார்க்க வேண்டும். இதே பஸ் மதுரைக்கு 12.15-க்கு வந்தால் உங்கள் டிக்கெட்டில் சனிக்கிழமை தேதி இருக்கும், ஆனால் அட்டவணை எண்ணப்படுவது வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பது. சர்வீஸ் தொடங்கும் நேரத்தை வைத்துக் கணக்கிடுவோம் என்ற வரி உங்கள் டிக்கெட்டிலும் இருக்கிறது, நேரத்தோடு. அதனால் 630 ரூபாயைக் கேட்டு வாதாடினால் பலன் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் அந்த வரியைக் காட்டுவார்கள். உடல்நிலை காரணத்தைச் சொல்லி, மருத்துவச் சீட்டை இணைத்து, நேரடியாக பஸ் நிறுவனத்திடம் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். கொடுத்தால் அது அவர்கள் மனசு, உரிமையாகக் கேட்க முடியாது. ஆப்பின் வாடிக்கையாளர் சேவையிடம் கேட்பதைவிட இது மேல், ஏனென்றால் பிடித்த தொகையில் பெரும்பங்கு போவது பஸ் நிறுவனத்துக்குத்தான்.

அந்த வரி டிக்கெட்டிலும் இல்லை, அட்டவணைப் பக்கத்திலும் இல்லை என்றால் நிலைமை வேறு. அப்போது ஏறும் நேரத்தை வைத்து எண்ணியது உங்கள் தவறு ஆகாது. ஆப்புக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம். புகாரில் கோபத்தைவிட நேரங்கள் முக்கியம். டிக்கெட்டில் அச்சான புறப்படும் நேரம், ரத்து உறுதியான நேரம், இடையே எத்தனை மணி, அட்டவணையின் எந்த வரிசை, எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது. இந்த ஆறும் இருந்தால் போதும், ஒரு பக்கம் எழுத வேண்டியதில்லை.

பணம் வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரத்து செய்யும்போது தொகை ஆப்பின் வாலெட்டுக்கு உடனே வேண்டுமா, கட்டிய வழியிலேயே வேண்டுமா என்று கேட்டிருக்கும். அவசரத்தில் வாலெட்டைத் தொட்டிருந்தால் வங்கிக் கணக்கில் தேடி அலைய வேண்டாம், வாலெட்டில் இருக்கும். கட்டிய வழியில் என்று கொடுத்திருந்தால் சில வேலை நாள்கள் ஆகும். சொன்ன நாள்களுக்குள் வரவில்லை என்றால் ஆப்பிடம் அந்தத் தொகைக்கான பரிவர்த்தனைக் குறிப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, அதோடு வங்கிக்குப் போங்கள். எண் இல்லாமல் போனால் இங்கே வரவில்லை, அங்கே கேளுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள்.